நீட் எழுதப் போகும் பிள்ளைக்கு என்ன உடுத்துவது: சிங்கப்பூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஈசூனில் என் வீட்டின் முன்னறையில்தான் என் தையல் மெஷின் இருக்கிறது. ரவிக்கை, சுரிதார், பள்ளிச் சீருடை, பழசைச் சரி செய்வது என்று வருஷம் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். ஏப்ரல் வந்தால் மட்டும் வேறு ஒரு கூட்டம் வரும். நீட் எழுதப் போகும் பிள்ளைகள், கூடவே கையில் ஹால் டிக்கெட்டின் அச்சுப் பிரதியோடு அம்மாவோ அப்பாவோ. "ஆன்ட்டி, இதைப் போட்டுக்கிட்டுப் போனா உள்ள விடுவாங்களா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

இங்கே பள்ளியில் படித்து ஓ லெவலோ ஏ லெவலோ எழுதிய பிள்ளைக்கு இந்தக் கேள்வியே புதுசு. சீருடையைப் போட்டுக்கொண்டு போய் எழுதிவிட்டு வந்தவர்கள் அவர்கள். நீட் அப்படியில்லை. இந்தியாவின் தேசியத் தேர்வு முகமை நடத்தும் தேர்வு அது. மையம் சிங்கப்பூரில் இருந்தாலும் விதி சென்னைக்கும் திருச்சிக்கும் என்னவோ அதேதான். முழுக்கை கூடாது, ஷூ கூடாது, நகை கூடாது, பெல்ட், தொப்பி, கைக்கடிகாரம் எதுவும் கூடாது. குதிகால் உயரமில்லாத செருப்பு போடலாம். வாசலில் மெட்டல் டிடெக்டரால் தடவிப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எதைத் தேடுகிறார்கள் என்பதும் புரியும். 2015-இல் அப்போதைய மருத்துவ நுழைவுத் தேர்வில் சிலர் பனியனுக்குள் சிம் கார்டு வைத்துத் தைத்து, காதுக்குள் பொடிக் கருவியைப் போட்டு விடைகளை வெளியிலிருந்து வாங்கினார்கள். உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது, ஜூலையில் மறுபடி நடத்தினார்கள், உடைக் கட்டுப்பாடு கடுமையானது அப்போதுதான். சோதிப்பவர் பார்ப்பது இரண்டு விஷயம்: எதையாவது ஒளித்து வைக்க உடையில் இடம் இருக்கிறதா, கருவி எங்கேயாவது சத்தம் போடுகிறதா. பெரிய பட்டனுக்குள் கருவி வைக்கலாம், பஃப் கைக்குள் காகிதம் வைக்கலாம். உங்கள் பிள்ளை நேர்மையான பிள்ளை என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. அதனால் உடையைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் கண்ணால் பாருங்கள்.

முதலில் எதை வாங்கக் கூடாது

புதுசாக வாங்கவே வேண்டாம் என்பேன். பலமுறை துவைத்து உடம்போடு ஒட்டிப் பழகிய உடைதான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத ஏற்றது. இன்னொரு காரணமும் உண்டு: புது உடைகள் சிலவற்றில் பக்கத் தையலுக்குள் லேபிளோடு சேர்த்து மெல்லிய உலோகப் பட்டை வைத்த டேக் தைத்திருப்பார்கள், கடையில் களவு போகாமல் இருக்கவும் சரக்கை எண்ணவும். வெளியே பார்த்தால் துவைக்கும் குறிப்பு எழுதிய துணிபோலவே இருக்கும். புதுசுதான் போடுவேன் என்றால் உட்பக்கத்தைத் திருப்பி, லேபிள்களை விரலால் நெரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள்போல மொறுமொறுவென்று இருந்தால் அடியோடு வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஜீன்ஸை மறந்துவிடுங்கள். இடுப்பில் பித்தளைப் பட்டன், ஜிப், பாக்கெட் மூலைகளில் செம்புக் குமிழ்கள் என்று குறைந்தது ஆறேழு இடத்தில் உலோகம் இருக்கும். டிராக் பேண்ட் நல்லதுதான், ஆனால் பாக்கெட்டில் ஜிப் வைத்தது வேண்டாம். இடுப்பு நாடா வெளியே வரும் ஓட்டையைச் சுற்றி உலோக வளையம் இருக்கிறதா, நாடாவின் நுனியில் உலோகக் குப்பி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நுனியை வெட்டி முடிச்சுப் போட்டால் அது தீர்ந்தது. வளையத்தை எடுத்தால் துணி பிய்யும், அப்படிப்பட்டதை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள்.

பையன்களுக்குச் சொல்ல அதிகமில்லை. அரைக்கை டி-சர்ட், கழுத்தில் இரண்டு மூன்று சின்ன பிளாஸ்டிக் பட்டன் இருந்தால் பரவாயில்லை. பெல்ட் கிடையாது என்பதால் பேண்ட் எலாஸ்டிக்கில் நிற்க வேண்டும். இடுப்பு நழுவும் பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சோதனை வரிசையில் நின்ற பையனைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருந்தது. பள்ளியின் பி.இ. டி-சர்ட் எடை குறைவு, அரைக்கை, பட்டனே இல்லை என்பதால் நன்றாகவே பொருந்தும்.

பெண் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று கேட்டால், தலை வழியாக மாட்டும் பருத்திக் குர்த்தி, அரைக்கை, பக்கத்தில் ஜிப் இல்லாதது, கீழே பாக்கெட் இல்லாத லெக்கிங்ஸ் அல்லது எலாஸ்டிக் இடுப்புள்ள பேண்ட். கண்ணாடி வேலை, ஜமிக்கி, மணி, கழுத்தில் தொங்கும் குஞ்சம் எதுவும் வேண்டாம். துப்பட்டாவை நம்பி உடுத்தாதீர்கள். வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னாலும் கூச்சமில்லாமல் உட்கார முடிகிற மேல்சட்டையாக இருக்கட்டும்.

ஃபிரிட்ஜ் காந்தத்தை நம்பாதீர்கள்

நிறைய பேர் செய்யும் தப்பு இது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பட்டனில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டவில்லை, அப்படியென்றால் உலோகம் இல்லை என்று முடிவு செய்துவிடுவார்கள். போனில் காந்தப்புலம் காட்டும் செயலியை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டும் இரும்பு, நிக்கல் மாதிரிச் சில உலோகங்களை மட்டும்தான் பிடிக்கும். பித்தளை, செம்பு, வெள்ளி, தங்கம், அலுமினியம், துணிக்கடைப் பட்டன்கள் பலவற்றை வார்க்கும் துத்தநாகக் கலவை, இதில் எதிலும் காந்தம் ஒட்டாது. வாசலில் இருக்கும் கருவியோ வேறு மாதிரி வேலை செய்கிறது. அதற்குள் இருக்கும் கம்பிச் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை வீசுகிறது, மின்சாரம் பாயும் எந்த உலோகம் எதிரே வந்தாலும் அதில் சின்ன மின்னோட்டம் சுழல்கிறது, அதைக் கண்டுபிடித்துத்தான் 'பீப்' என்கிறது. காந்தம் கண்டுகொள்ளாத தங்கத் தோட்டைக்கூட அது விடாது.

வீட்டில் பார்ப்பதற்கு என் வழி எளிது. ஏர்கானில் கொஞ்ச நேரம் கிடந்த உடையை எடுத்து, பட்டனை மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உடனே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், உலோகம் சில்லென்று நிற்கும். அப்புறம் ஒரு நாணயத்தால் தட்டுங்கள். பிளாஸ்டிக் 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும், உலோகம் 'கிண்' என்று கேட்கும். தங்க நிறத்தில் இருப்பதெல்லாம் உலோகம் என்றும் நினைக்க வேண்டாம், முலாம் பூசிய பிளாஸ்டிக்கும் உண்டு. ஆனால் தங்க நிறப் பட்டன் வாசலில் கேள்வியை வரவழைக்கும், பெரிதாக இருந்தால் கட்டாயம் வரவழைக்கும், அதனால் நான் அதையும் மாற்றிவிடுவேன்.

ஒரு குர்த்தியை மாற்றிய கதை

போன வருஷம் பிடோக்கிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்தாள். வெளிர் நீலப் பருத்திக் குர்த்தி, தேக்காவில் வாங்கியது, அவளுக்கு ரொம்பப் பிடித்தது. முன்கழுத்தில் 5 தங்க நிற உலோகப் பட்டன், முக்கால் கை, கை நுனியில் சுருக்கி ஒரு நாடா, இடது பக்கத்தில் ஜிப். "இதைப் போட்டாத்தான் எனக்கு நிம்மதியா இருக்கும் ஆன்ட்டி" என்றாள். சரி, முயற்சி செய்து பார்ப்போம் என்றேன். இதுவே நீங்கள் வீட்டில் செய்ய வேண்டிய வேலை என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

பட்டனில் ஆரம்பித்தேன். அடியில் வளையம் வைத்துத் தைத்த 15 மில்லிமீட்டர் பட்டன்கள். நூலைப் பிரித்து எடுத்தேன். மாற்றாக வைத்தது சட்டைக்குப் போடும் நாலு ஓட்டைப் பிளாஸ்டிக் பட்டன், 11 மில்லிமீட்டர். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்: பெரிய பட்டனுக்கு வெட்டிய காஜாவில் சின்ன பட்டன் நிற்காது, குனிந்தால் கழன்றுவிடும். அதனால் காஜாவின் ஒரு முனையிலிருந்து 3 மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கமாக நாலைந்து தையல் போட்டு ஓட்டையைக் குறுக்க வேண்டும். எந்த முனை என்பதும் முக்கியம், பட்டன் இழுபடாத பக்கத்து முனை. கீழே இருந்த மூன்று பட்டனை நான் திரும்ப வைக்கவே இல்லை. தலை நுழைய மேல் இரண்டு போதும் என்பதால் மீதியிருந்த திறப்பை உள்ளிருந்து தைத்து மூடிவிட்டேன். சோதிப்பவர் தொட்டுப் பார்க்க எத்தனை குறைவாக இருக்கிறதோ அத்தனை நல்லது.

அடுத்தது ஜிப். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "பிளாஸ்டிக் ஜிப் போட்டுக் கொடுங்க" என்று கேட்பார்கள், ஆனால் பல் நைலானாக இருந்தாலும் மேலும் கீழும் ஓடும் அந்த இழுப்பான் பெரும்பாலும் உலோகம்தான். அதனால் ஜிப்பை மாற்றுவதில் பயனில்லை, எடுத்துவிட முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். அவள் மார்பளவு 32 அங்குலம், குர்த்தி 36. ஜிப்பைத் திறக்காமலே தலை வழியாக மாட்டிக் கழற்றிக் காட்டச் சொன்னேன், எளிதாக வந்தது. அப்புறம் என்ன, ஜிப்பைப் பிரித்துவிட்டு அந்தப் பக்கத்தை நேராகத் தைத்துவிட்டேன். உடம்போடு ஒட்டிய குர்த்தியாக இருந்தால் இது நடக்காது. அப்போது அந்தத் திறப்பில் மூன்று இடத்தில் துணி நாடா வைத்து முடிச்சுப் போடலாம், ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த நிலையில் வேறு குர்த்தி எடுப்பதே மேல்.

கடைசியில் கை. விதியில் இத்தனை அங்குலம் என்று எழுதவில்லை, அரைக்கை என்றுதான் பேச்சு. நான் வைத்திருக்கும் அளவு, தோள் தையலிலிருந்து 7 அங்குலம், முழங்கைக்கு மேலே நன்றாகத் தள்ளி நிற்கும். மடிப்புக்கு ஓர் அங்குலம் சேர்த்து 8-இல் குறித்து வெட்டினேன். மடிப்பை ஒல்லியாக வையுங்கள், இரண்டு அங்குலம் மடித்தால் அது ஒரு குழாய்போல ஆகிவிடும், சோதிப்பவர் விரல் அங்கே போய் நிற்கும். சுற்றளவு அவள் மேற்கைக்கு 10½ அங்குலம், அதோடு 2 சேர்த்து 12½ வைத்தேன். பேனாவை நகர்த்தி எழுத அந்த 2 அங்குலத் தளர்வு வேண்டும், அதற்கு மேல் போனால் தொளதொளவென்று தொங்கும். பஃப் கை, மணிபோல விரியும் கை, இரண்டடுக்குக் கை எல்லாவற்றையும் இப்படி வெட்டி நேராக்கலாம். தோளில் சுருக்கு வைத்த கையை மட்டும் முழுசாகப் பிரித்துச் சுருக்கை எடுத்துவிட்டுத் தைக்க வேண்டும், நுனியை மட்டும் வெட்டினால் தோள் மேட்டில் அந்தப் பொதி அப்படியே இருக்கும். முழுக்கையைச் சுருட்டி முழங்கைக்கு மேல் விட்டுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. சுருட்டிய மடிப்பைவிட ஒளிக்க நல்ல இடம் வேறு இல்லை, வாசலில் கத்திரிக்கோல் வந்துவிடும்.

எல்லாம் முடிந்தது. என் தம்பி பாதுகாவலர் வேலையில் இருக்கிறான், அவனிடம் இருந்த கையடக்க டிடெக்டரை வாங்கிவந்து அவளை நிற்க வைத்துத் தடவினோம். கழுத்து, கை, இடுப்பு, கால் எங்கேயும் சத்தமில்லை. திரும்பி நின்றதும் முதுகின் நடுவில் 'பீப்'. உள்ளாடைதான் என்று அவள் அம்மா நினைத்தார், ஆனால் அவள் போட்டிருந்தது கொக்கியில்லாதது. பின்னலை எடுத்து முன்னால் போட்டுப் பார்த்தேன், சத்தம் பின்னலோடு நகர்ந்தது. பின்னல் நுனியில் போட்டிருந்த ரப்பர் பேண்டின் இரண்டு முனையையும் ஒட்டும் இடத்தில் அரிசி மணியளவில் ஓர் உலோகத் துண்டு இருந்திருக்கிறது. அத்தனை வேலை செய்தும் கடைசியில் கத்தியது அதுதான்.

கண்ணுக்குத் தெரியாமல் கத்துகிறவை

அந்த ரப்பர் பேண்டுக்கு அப்புறம் என்னிடம் வரும் எல்லோரையும் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை கேட்டுவிடுகிறேன். தலைமுடியில் ஹேர்பின், 'டிக் டாக்' கிளிப், பல் வைத்த பெரிய கிளிப்பின் உள்ளே இருக்கும் சுருள் கம்பி எல்லாம் உலோகம். துணி சுற்றிய, ஒட்டுப் போடாத பட்டையால் ஒற்றைப் பின்னல் போடுங்கள் அல்லது தாழ்வாகக் கட்டுங்கள். உச்சியில் தூக்கிப் போட்ட கொண்டை வேண்டாம், அதையும் அமுக்கிப் பார்ப்பார்கள். பூவும் அன்றைக்கு வேண்டாம்.

உள்ளாடை விஷயத்தைத் தயங்காமல் பேச வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் அவமானப்பட்டது இதில்தான். 2022-இல் கொல்லம் மாவட்டத்தில் ஒரு மையத்தில் உலோகக் கொக்கி இருக்கிறது என்று பெண் பிள்ளைகளின் உள்ளாடையைக் கழற்றச் சொன்னதாகப் புகார் எழுந்தது, வழக்கானது, பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த வருஷம் செப்டம்பரில் மறுதேர்வு எழுத வாய்ப்புக் கொடுத்தார்கள். 2017-இல் கண்ணூரிலும் அப்படி ஒன்று நடந்தது. அது நடந்திருக்கவே கூடாது, பெண்களைப் பெண் ஊழியர்தான் மறைப்புக்குள் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அப்படி இருந்தும் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தாமல் இருக்க நம்மால் முடியும். சாதாரண உள்ளாடையில் பின்னால் இரண்டு மூன்று கொக்கி, தோள் பட்டையில் நீளம் கூட்டிக் குறைக்கும் வளையம், சிலவற்றில் அடியில் வளைந்த கம்பி என்று மூன்று இடத்தில் உலோகம் இருக்கும். தோள் வளையத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தலை வழியாக மாட்டும், வளையமே இல்லாத விளையாட்டு உள்ளாடை வாங்குங்கள், இரண்டு வாங்கி ஒரு மாதம் முன்பிருந்தே போட்டுப் பழகட்டும். புதுசாக இறுக்கமாகப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் மூச்சே முட்டும்.

இடுப்புக்கு வந்தால் அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிறாக இருந்தாலும் அதில் வெள்ளிக் குண்டுமணி ஒன்றாவது கோத்திருப்போம். பிறந்ததிலிருந்து கிடப்பதால் அது இருப்பதே ஞாபகத்தில் இருக்காது, கருவிக்குத் தெரியும். தாயத்துக் குழாயும் அப்படித்தான், செம்போ வெள்ளியோ, உள்ளே சுருட்டிய தகடு வேறு. கழற்ற மனமில்லாத பாட்டிகள் உண்டு, அவர்களிடம் முன்கூட்டியே பேசி, ஒரு நாளைக்குப் பூசை மாடத்தில் வைத்துவிட்டு மறுநாள் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கையில் கோயில் கயிறு கட்டியிருந்தால் உலோகம் இல்லாவிட்டாலும் அவிழ்க்கச் சொல்லக்கூடும், அவிழ்க்க முடியாத முடிச்சாக இருந்தால் வெட்டத்தான் வேண்டிவரும்.

பாக்கெட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எம்ஆர்டி-யிலிருந்து இறங்கியதும் ஈஸிலிங்க் கார்டைப் பின் பாக்கெட்டில் போடுவது கைப் பழக்கம். கார்டுக்குள் செம்புச் சுருள் இருக்கிறது, கூடவே மடித்த ரசீது ஒன்றும் இருந்தால் அது காகிதம். இருக்கிற பாக்கெட்டை முந்தின வாரமே தைத்து மூடிவிடுங்கள், பத்துத் தையல்தான்.

சிலதைக் கழற்ற முடியாது. பல்லுக்குக் கம்பி போட்டிருப்பது இங்கே நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு, எலும்பில் தகடு வைத்தவர்களும் இருப்பார்கள். கம்பி வாயைத் திறந்தாலே தெரியும். தகடு என்றால் மருத்துவரின் கடிதத்தை எடுத்துப் போங்கள். உடை விதியிலிருந்தே விலக்கு வேண்டும், உதாரணமாகக் கையில் கட்டுப் போட்டிருக்கிறது, தோல் நோயால் கையை மூட வேண்டும் என்றால், ஹால் டிக்கெட் வருவதற்கு முன்பே தேர்வு முகமையிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அன்றைக்கு வாசலில் போய்க் கேட்டுப் பயனில்லை. ஹிஜாப்போ வேறு மரபு உடையோ போட்டு வருகிறவர்களுக்குத் தடையில்லை, சோதிக்க நேரம் வேண்டும் என்பதால் சீக்கிரம் வரச் சொல்கிறார்கள்.

தோடும் மூக்குத்தியும்

இதைத் தேர்வு நாள் காலையில் தொடாதீர்கள். அழுத்தி மாட்டும் தோடு உடனே வந்துவிடும், ஆனால் நம் வீடுகளில் போடுவது திருகாணி வைத்த தோடு. வருஷக் கணக்கில் கழற்றாமல் சோப்பும் வியர்வையும் சேர்ந்து இறுகிப் போயிருக்கும். இரண்டு மூன்று நாள் முன்பே குளித்ததும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, கால்மணி நேரம் கழித்து, மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு திருகுங்கள். வெறும் விரல் வழுக்கும், கையுறை பிடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் சிராங்கூன் ரோட்டில் நகைக்கடைக்குக் கூட்டிப் போங்கள், பத்து நிமிஷ வேலை. மூக்குத்தியை வீட்டில் முரட்டுத்தனமாகத் திருகி மூக்கு வீங்கிப் போன பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், அந்த வலியோடு எப்படி எழுதுவது?

துளை தூர்ந்துவிடுமோ என்ற பயம் பழைய துளைக்குத் தேவையில்லை. மத்தியானம் கழற்றினால் ராத்திரி மாட்டிக்கொள்ளலாம். குத்திச் சில மாதங்களே ஆன துளைதான் சில மணி நேரத்திலேயே சுருங்கும். நம் ஊரில் செய்வதுபோலச் சுத்தமான வேப்பங்குச்சி நறுக்கை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதையும் எடுக்கச் சொன்னால் எடுக்கத்தான் வேண்டும். தேர்வு வருஷத்தில் டிசம்பருக்கு மேல் காதோ மூக்கோ குத்த வேண்டாம் என்று என்னிடம் வரும் அம்மாக்களிடம் சொல்லிவிடுவேன். கொலுசின் கொக்கியையும் இடுக்கி வைத்து முன்னாலேயே தளர்த்தி வையுங்கள்.

வெளியே வெயில், உள்ளே குளிர்

திருச்சியில் எழுதுகிற பிள்ளைக்கு வியர்வைதான் கவலை. இங்கே நேர் எதிர். மே மாத மத்தியானம் 33 டிகிரி வெயிலில் வரிசையில் நின்று நனைந்து, அந்த ஈரத்தோடேயே ஏர்கான் அறைக்குள் போய் உட்கார வேண்டும். அரைக்கை, செருப்பு, மேலே போர்த்த எதுவும் இல்லை. முதல் ஒரு மணி நேரம் தெரியாது, அப்புறம் விரல் விறைக்கும்.

அதனால் லேசான உடை என்றதும் காற்றுப்போன்ற மெல்லிய துணியை எடுக்க வேண்டாம். கொஞ்சம் கனமான பருத்தி, உள்ளே கையில்லாத பருத்திப் பனியனோ சிம்மியோ ஒன்று, கால் கணுக்கால் வரை மூடியிருக்கட்டும். இரண்டு அடுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும், வெளியே பார்த்தால் பொதியாகவும் தெரியாது. வரிசையில் நனைந்துவிட்டால் அந்த உள்பனியன்தான் ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

ஒத்திகை பாருங்கள். கடைசி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றிலாவது, அன்றைக்குப் போடப்போகும் முழு உடையோடும் செருப்போடும், ஏர்கானை 23-இல் வைத்து, இந்திய நேரம் 2 முதல் 5 வரை, அதாவது நம் நேரம் மாலை 4.30 முதல் 7.30 வரை, 180 கேள்வியும் எழுதட்டும். எழுந்து வந்ததும் பிள்ளையின் விரலைத் தொட்டுப் பாருங்கள், தோள் தையல் உறுத்திய தடம் இருக்கிறதா, இடுப்பு எலாஸ்டிக் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிடோக் பிள்ளைக்கு வலது கை மடிப்பு உரசி ஒரு கோடு விழுந்திருந்தது. மடிப்பைப் பிரித்து மெல்லிய பட்டை வைத்து மாற்றிக் கொடுத்தேன்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹால் டிக்கெட்டில் இருப்பது இந்திய நேரம். நமக்கு இரண்டரை மணி நேரம் கூட்ட வேண்டும். கேட் மூடுவது 1.30 என்று போட்டிருந்தால் இங்கே மாலை 4 மணி. மரபு உடையில் வருபவர்களுக்கு 12.30 என்றால் இங்கே 3 மணி. உங்கள் சீட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதை வைத்துக் கணக்குப் போட்டு, சிங்கப்பூர் நேரத்தைப் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

கிளம்பும்போது

அன்றைக்குக் காலையில் புதுசாக எதையும் யோசிக்க வேண்டாம். ஒத்திகையில் போட்ட அதே உடை, துவைத்துத் தேய்த்தது. ஊக்கு ஒன்றுகூட எங்கேயும் குத்தியிருக்கக் கூடாது. அவசரத்துக்குக் கழுத்தில் ஊக்குக் குத்திவிட்டு மறந்துபோவது அம்மாக்கள்தான், பிள்ளைகள் இல்லை. செருப்பில் பக்கிள் இருந்தால் மாற்றிவிடுங்கள், ரப்பர் செருப்பே போதும். கண்ணாடி போடுகிறவர்களிடம் பிளாஸ்டிக் ஃபிரேம் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளட்டும்.

கூடப் போகிறவர் பையில் இன்னொரு அரைக்கை டி-சர்ட், ஒரு எலாஸ்டிக் பேண்ட், ஓர் உள்ளாடை, துணிப் பட்டை, சின்ன கத்திரிக்கோல் இருக்கட்டும். வாசலில் எதையாவது வேண்டாம் என்று சொன்னால் வாதாடிக்கொண்டு நிற்காமல் பக்கத்துக் கழிவறையில் மாற்றிக்கொண்டு திரும்பி வரிசைக்கு வந்துவிடலாம். தோட்டையும் மூக்குத்தியையும் ஒரு பொட்டுக் குங்குமச் சிமிழில் போட்டு அதே பையில் வையுங்கள். ஏழரை மணிக்கு வெளியே வரும்போது பிள்ளை நடுங்கிக்கொண்டுதான் வரும், எம்ஆர்டி-யும் குளிரும், அதனால் ஸ்வெட்டரைப் பையின் மேலாக மடித்து வைத்திருங்கள்.